சுருக்குவதற்கு முன் முடிவு செய்யுங்கள்

(சந்தாபுராவில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி பக்கங்களில் பட்டறை நடத்துபவர்கள். ஒரு பழைய லேத்தில் தொடங்கி சிஎன்சி வரை வந்தவர்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கும் வண்டிக் கம்பெனிகளுக்கோ, அவர்களுக்குப் பாகம் கொடுக்கும் நடுத்தரக் கம்பெனிகளுக்கோ பீஸ் செய்து கொடுக்கிறீர்கள். புது ஆர்டர் கேட்டுப் போகும்போது கையில் ஒரு பிபிடி இருக்கிறது. அந்த பிபிடியில் எழுதியிருக்கும் வார்த்தைகளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். கலர், டிசைன், லோகோ எதையும் தொடப்போவதில்லை.

முதலில் அந்த பிபிடி எங்கே போகிறது என்று பார்ப்போம். நீங்கள் சந்திக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் அநேகமாகத் தனியாக முடிவெடுப்பவர் அல்ல. அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். பக்கத்து அறையில் குவாலிட்டி ஆட்கள் இருக்கிறார்கள், விலையைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுந்து போன பிறகு அவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லவேண்டியது அவர்தான். அப்போது அவர் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் சொல்லமாட்டார், அவருக்கு நேரமும் இல்லை. அந்த வாக்கியங்களை நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் அவை அப்படியே போய்ச் சேரும். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அவராகத் தேடி எதையாவது எடுத்துக்கொள்வார். அவர் எடுத்துக்கொண்டது உங்கள் பலமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு சேதி, அதுவும் ஒரு குறுகிய வரியில் என்று சொல்வதன் காரணம் இதுதான். வரி குறுகியதாக இருந்தால்தான் அடுத்த அறைக்குப் போகும்.

ஆனால் நம் ஆட்கள் இதைக் கேட்டதும் செய்கிற முதல் காரியம் வார்த்தைகளை வெட்டுவது. பத்து வார்த்தை இருந்த இடத்தில் நான்கு வைப்பார்கள். வெட்டும்போது முதலில் போவது வினைச்சொல், அதற்கடுத்து போவது எண். மிஞ்சுவது "தரமான உற்பத்தி", "உரிய நேரத்தில் டெலிவரி" மாதிரியான துண்டுகள். இவை குறுகியவைதான், ஆனால் எதையும் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் இருக்கும் எந்தப் பட்டறையின் பெயரையும் அதன் கீழே போட்டுக்கொள்ளலாம். ஆகவே சுருக்குவதற்கு முன் முடிவு செய்யவேண்டும். இந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு அந்த மேனேஜர் தன் மேலதிகாரியிடம் என்ன சொல்லவேண்டும்? அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சுருக்கம் பெரும்பாலும் தானே வந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். இது நான் இந்த உரைக்காக அமைத்துக்கொண்ட பட்டறை, எண்களும் அப்படியே. சந்தாபுராவில் ஒரு சிஎன்சி பட்டறை. இரு சக்கர வண்டிக்கான புஷ் ஒன்றைக் கடைந்து கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் பீஸ் போகிறது. அவர்களுடைய ஆறாவது ஸ்லைடின் தலைப்பு "தரம்". உங்கள் பிபிடி ஆங்கிலத்தில்தான் இருக்கும். நான் இங்கே தமிழில் சொல்கிறேன், முறை ஒன்றுதான். அந்தத் தலைப்பின் கீழே இருப்பவை இவை:

ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் பெற்ற நிறுவனம்.
சிஎம்எம், ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர், ஏர் கேஜ் வசதிகள்.
பயிற்சி பெற்ற இன்ஸ்பெக்டர்கள் 6 பேர்.
ஒவ்வொரு நிலையிலும் தரச் சோதனை.
புஷ்ஷின் போர் 100% ஏர் கேஜில் அளக்கப்படுகிறது.
வாடிக்கையாளர் ரிஜெக்‌ஷன் 2,400 பிபிஎம்மிலிருந்து 180க்குக் குறைந்துள்ளது.
வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு.

ஏழு வரி. இந்த ஸ்லைடை ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். இந்த வரி ஒரு வாதமா, வாதத்துக்குச் சான்றா, நுழைவுச் சீட்டா, அலங்காரமா? வேறு எந்த வகையும் தேவைப்படாது.

கடைசி வரி அலங்காரம். அதை எடுத்துவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். ஒவ்வொரு நிலையிலும் சோதனை என்பதும் அப்படித்தான், யார்தான் சோதிப்பதில்லை என்று சொல்வார்கள்? சான்றிதழ் நுழைவுச் சீட்டு. வண்டித் தொழிலில் அது இல்லை என்றால் பல இடங்களில் உங்களை உள்ளேயே விடமாட்டார்கள். உள்ளே வந்த பிறகு அதையே காட்டி யாரையும் வெல்லவும் முடியாது. அது கடைசிப் பக்கத்தில், முகவரியோடு இருக்கட்டும். கருவிகளின் பெயரும் இன்ஸ்பெக்டர்களின் எண்ணிக்கையும் சான்றுக்கு உதவக்கூடியவை, ஆனால் எதற்குச் சான்று என்பது இன்னும் தெரியவில்லை.

மிஞ்சுவது இரண்டு வரி. போரை ஒவ்வொரு பீஸிலும் அளக்கிறோம் என்பது ஒன்று. ரிஜெக்‌ஷன் குறைந்தது என்பது இன்னொன்று. இங்கேதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் வருகிறது. இவை இரண்டு சேதியா, ஒரே சேதியா? உரிமையாளரிடம் கேட்கவேண்டும்: ரிஜெக்‌ஷன் ஏன் குறைந்தது? திரும்பி வந்த பீஸ்களில் பெரும்பாலானவை போர் அளவு தவறியவை, முன்பு ஐம்பதுக்கு ஒன்றைத்தான் அளந்தோம், டூல் தேய்ந்தது தெரியாமல் நடுவில் ஒரு கூட்டம் போய்விடும், ஏர் கேஜ் வைத்து ஒவ்வொன்றையும் அளக்கத் தொடங்கிய பிறகு அது நின்றது என்று அவர் சொல்கிறார். அப்படியானால் இது ஒரே சேதி. முதல் வரி காரணம், இரண்டாம் வரி விளைவு. புது ஸ்லைடின் வரி இது:

"ஒவ்வொரு போரையும் அளக்கத் தொடங்கினோம், ரிஜெக்‌ஷன் 2,400 பிபிஎம்மிலிருந்து 180 ஆனது."

இதே முறையில் எல்லா இடத்திலும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு விஷயங்களைச் சேர்க்க "மேலும்", "மற்றும்" தேவைப்பட்டால் அவை இரண்டு ஸ்லைடு. "அதனால்" என்று சேர முடிந்தால் ஒரே ஸ்லைடாக இருக்கலாம். ஒரு சேதி என்றால் ஒரு தகவல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். குவாலிட்டி ஆளுக்கு 180 பிபிஎம் என்றால் உடனே புரியும். மேலே உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரருக்கு அது வெறும் எண். பிபிஎம் என்பது பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கு. ஐந்து லட்சம் பீஸில் 2,400 பிபிஎம் என்றால் 1,200 பீஸ். 180 என்றால் 90 பீஸ். "ஐந்து லட்சத்தில் திரும்பி வந்தவை 1,200இலிருந்து 90 ஆயின" என்று எழுதினால் அகராதி இல்லாமல் எல்லோருக்கும் போய்ச்சேரும். எதிரில் யார் உட்காரப்போகிறார் என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் போடாதீர்கள்.

வரிக்குக் கீழே என்ன வைப்பது? மாதவாரியாக ரிஜெக்‌ஷன் இறங்குவதைக் காட்டும் ஒரு வரைபடம், அதில் ஏர் கேஜ் வைத்த மாதத்தில் ஒரு கோடு. அவ்வளவே. அடியில் சின்ன எழுத்தில் எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு குறிப்பு: புஷ் மட்டும், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவை, ஏப்ரல் முதல் மார்ச் வரை. இந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் பட்டறைக்குள்ளேயே பிடித்து ஒதுக்கிய பீஸ்கள் இந்த 90இல் இல்லை என்பது எதிரில் இருக்கும் குவாலிட்டி இன்ஜினியருக்கு ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். குறிப்பு இருந்தால் அது பேச்சாக முடியும். இல்லாவிட்டால் நீங்கள் மறைத்ததாக ஆகிவிடும். மேலே உள்ள வரி எவ்வளவு குறுகினாலும் அது எந்த எல்லைக்குள் உண்மை என்பது அதே ஸ்லைடில் இருக்கவேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமான ஒரு ஸ்லைடு உலகறிந்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் அதில் இருந்தார்கள். கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள் வெளித்தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் வானில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, ஓடுகளுக்குள் நுரை ஊடுருவுவது பற்றிய பழைய சோதனைகளைப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமாகவே இருக்கிறது என்ற பொருளில் இருந்தது. தலைப்பைப் படித்தவருக்கு நிம்மதி. ஆனால் அதே ஸ்லைடின் அடியில், உள்ளுக்குள் தள்ளி வைத்த புள்ளிகளில், இப்போதைய நிலைமை சோதனைகளின் எல்லைக்கு வெகுதூரம் வெளியே இருக்கிறது என்று எழுதியிருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதிய துண்டின் மதிப்பீடு 1,920 கன அங்குலம். 640 மடங்கு.

பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறியது. அந்த ஒரு ஸ்லைடே காரணம் என்று யாரும் சொல்லவில்லை, காரணங்கள் பல. ஆனாலும் அந்த ஆண்டு வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடை எடுத்து வைத்துக் கண்டித்தது. தகவல் வடிவமைப்பு பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி அதை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். எல்லாத் தகவலும் அதில் இருந்தது. இடம்தான் தலைகீழாக இருந்தது. "இந்த அளவு நுரையை நாம் சோதித்ததே இல்லை" என்று தலையில் ஒரு வரி இருந்திருந்தால், படிக்கிறவர் எந்தக் கேள்வியோடு எழுந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பிபிடியில் உயிர் போகாது. ஆனால் மேலே எழுதுவதைத்தான் மனிதர்கள் எடுத்துப்போகிறார்கள் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பட்டறைக்குத் திரும்புவோம். அடுத்த ஸ்லைடு "இயந்திரங்கள்". ஒரு பெரிய அட்டவணை: மெஷினின் பெயர், மாடல், வாங்கிய ஆண்டு, எண்ணிக்கை. நம் உரிமையாளர்கள் இதன்மேல் வைத்திருக்கும் பற்று எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் ஒரு வங்கிக் கடனும் தூக்கமில்லாத சில மாதங்களும் இருக்கின்றன. ஆனால் பார்ப்பவருக்கு அந்த அட்டவணையில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: என் ஆர்டரை எடுக்க உன்னிடம் இடம் இருக்கிறதா? அட்டவணை அதற்குப் பதில் சொல்வதில்லை. அவரே மனக்கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கை நாமே போடுவோம். பன்னிரண்டு சிஎன்சியில் ஆறு மூன்றாம் ஷிஃப்டில் ஓடுவதில்லை. ஒரு ஷிஃப்டில் உண்மையில் கிடைப்பது ஏழு மணி நேரம், அதாவது 25,200 விநாடி. ஒரு பீஸுக்கு 90 விநாடி என்றால் ஒரு மெஷினுக்கு 280 பீஸ். ஆறு மெஷினுக்கு 1,680. மாதத்தில் 25 நாள் என்று வைத்தால் 42,000. டூல் மாற்றுவது, மின்சாரம் போவது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் விட்டுவிட்டு வரியை எழுதலாம்: "மூன்றாம் ஷிஃப்டில் மாதம் 40,000 பீஸ் எடுக்க இடம் இருக்கிறது." கீழே இந்தக் கணக்கை மூன்று வரியில் வையுங்கள். அட்டவணையைத் தூக்கி எறியவேண்டாம், அது பின்னிணைப்புக்குப் போகட்டும். ஆடிட்டுக்கு வருகிறவர் அதைக் கட்டாயம் கேட்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படி எழுதும்போது சில ஸ்லைடுகளுக்கு வரியே வராது. கணக்குப் போட்டால் இடம் இல்லை என்று தெரியும், அல்லது ரிஜெக்‌ஷன் குறையவே இல்லை என்று தெரியும். அப்போது மறுபடியும் "நவீன இயந்திரங்கள்" என்று எழுதித் தப்பிக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். அந்த ஸ்லைடை எடுத்துவிடுங்கள், உங்களால் நிரூபிக்க முடிகிற வேறொன்றைப் பேசுங்கள். வரி வராத ஸ்லைடு எழுத்தின் குறையைக் காட்டவில்லை, பட்டறையில் கவனிக்கவேண்டிய இடத்தைக் காட்டுகிறது.

"எங்களைப் பற்றி" என்ற ஸ்லைடைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதில் வேலை செய்யும் ஒரே வரி, அந்த வாடிக்கையாளருக்கு நீங்கள் ஏற்கெனவே தெரிந்தவர் என்று காட்டும் வரி. அவர்களுடைய இன்னொரு பிளாண்ட்டுக்கோ, அவர்களைப் போன்ற ஒருவருக்கோ நீங்கள் எத்தனை ஆண்டாகக் கொடுத்து வருகிறீர்கள் என்பது. வரைபடம் போட்ட "இருப்பிடம்" ஸ்லைடும் அப்படியே. நாம் ஓசூர் ரோட்டில் இருப்பது வரைபடத்தில் தெரியும். அதனால் ஓசூர் பிளாண்ட்டுக்கு என்ன லாபம் என்பது தெரியாது. "காலையில் ஏற்றினால் மதிய ஷிஃப்டுக்கு ஓசூரில் இறங்கும்" என்று எழுதுங்கள். அது உங்களால் முடியும் என்றால் மட்டும். நடுவில் மாநில எல்லை இருக்கிறது, இ-வே பில் சரியாக இல்லாமல் அத்திப்பள்ளியில் வண்டி நின்றால் அந்த வரி உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

பிரித்துக்கொண்டே போனால் ஸ்லைடு எண்ணிக்கை ஏறும். பன்னிரண்டு இருந்தது இருபது ஆகும். பயப்படாதீர்கள். ஏழு வரி ஸ்லைடில் மூன்று நிமிடம் நிற்கிறீர்கள், ஒரு வரி ஸ்லைடில் அரை நிமிடம், முக்கால் நிமிடம். மொத்த நேரம் அதனால் ஏறாது. ஏறிய பிறகு அந்த வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத வரிகளைக் கழித்தால் பழையபடி பன்னிரண்டுக்கே வந்து நிற்கலாம். எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதற்குள் அடைப்பதால்தான் ஏழு வரி ஸ்லைடு பிறக்கிறது.

கணினியில் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். புது ஸ்லைடு திறந்தால் மேலே ஒரு பெட்டியில் `Click to add title` என்று வரும். அதைப் பார்த்ததும் கை தானாக "தரம்" என்று ஒற்றைச் சொல்லை அடித்துவிடுகிறது. அந்தப் பெட்டியில் முழு வாக்கியத்தை எழுதுங்கள், இரண்டு வரிக்கு மிகாமல். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆலி பொறியியல் மாணவர்களுக்குக் கற்பித்ததும் இதுதான்: தலையில் வாக்கியம், கீழே அதற்கான சான்று. எழுத்தைச் சின்னதாக்கி மூன்றாவது வரியைத் திணிக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் சேதி இரண்டாக இருக்கிறது என்று பொருள். பேசவேண்டிய விளக்கங்களைக் கீழே இருக்கும் `Notes` பகுதிக்கு மாற்றுங்கள்.

எல்லாம் எழுதிய பிறகு `View` போய் `Outline View` அழுத்துங்கள். இடப்பக்கம் படங்கள் இல்லாமல் எழுத்து மட்டும் வரிசையாக நிற்கும். தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே உரக்கப் படியுங்கள். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுவது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகவேண்டும். எங்கே தாண்டுகிறதோ அங்கே ஒரு ஸ்லைடு குறைகிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. சில ஸ்லைடுகளுக்குத் தலைப்பே வராமல் காலியாக இருக்கும். தலைப்புப் பெட்டியை அழித்துவிட்டுத் தனியாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் இழுத்து அதில் எழுதியிருப்பீர்கள், அதனால்தான். அதை உரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் அருகில் இல்லாமலும் இந்த பிபிடி படிக்கப்படும், மெயிலில் அனுப்பச் சொல்வார்கள். ஒரு வரி மட்டும் இருந்தால் அப்போது எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகக் காட்டும் ஸ்லைடில் மறுபடி ஏழு வரியை ஏற்றவேண்டாம். `Notes` பகுதியோடு சேர்த்து பிடிஎஃப் எடுத்து அதை அனுப்புங்கள். மேலே ஸ்லைடு, கீழே உங்கள் விளக்கம் என்று பக்கம் பக்கமாக வரும். எழுதியது ஒன்றே, பயன்படும் இடம் இரண்டு.

கடைசியாக ஒரு சோதனை. புனேயிலிருந்து வந்தவர், பெல்காமிலிருந்து வந்தவர், ஓசூர்க்காரர் என்று உங்கள் எதிரில் உட்காருபவர்களின் தாய்மொழி பலவாக இருக்கும். எல்லோரும் உங்கள் ஆங்கில வரியைத் தங்கள் மொழியில்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பிபிடியை முடித்ததும், உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம், வீட்டில் இருப்பவராகவே இருக்கட்டும், ஒரு ஸ்லைடை ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன புரிந்தது என்று அவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதையே அவர் சொன்னால் அந்த ஸ்லைடு முடிந்தது. படத்தைப் பற்றிச் சொன்னாலோ, "ஏதோ தரம்" என்றாலோ, மறுபடி எழுதவேண்டும்.

எல்லா ஸ்லைடையும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு முன் உங்கள் பிபிடியில் "தரம்" என்று தலைப்பிட்ட அந்த ஒரு ஸ்லைடை அச்சடித்து எடுத்துக்கொண்டு, பட்டறையில் அளந்து பார்க்கிற ஆளோடு உட்கார்ந்து, அவரையும் கேட்டு அதற்கு ஒரு வரி எழுதுங்கள்.